பிணைப்பாற்றல் வரைபடத்தின் உச்சிக்கு இரும்பு வந்தது எப்படி?

கேள்வி: "அணுக்கருவின் நிறை அதன் புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த நிறையைவிடக் குறைவு என்று படித்தேன். குறைந்த நிறை எங்கே போகிறது? நியூக்ளியான் ஒன்றுக்கான பிணைப்பாற்றல் வரைபடத்தில் இரும்பு மட்டும் ஏன் உச்சியில் இருக்கிறது? இரும்பில்தான் அதிக ஆற்றல் சேமித்திருக்கிறது என்றால், அதிலிருந்து ஏன் ஆற்றல் எடுக்க முடியவில்லை?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் வரும் "சேமித்திருக்கிறது" என்ற சொல்தான் மற்ற குழப்பங்களுக்கும் வேர். பிணைப்பாற்றல் என்பது அணுக்கருவுக்குள் இருக்கும் சரக்கு அல்ல. அணுக்கரு உருவானபோதே வெளியேறிவிட்ட ஆற்றல் அது. ஆழமான கிணற்றில் ஒரு கல் விழுகிறது. விழுந்த வேகம் சத்தமாகவும் சூடாகவும் மாறி அடங்கிவிடுகிறது. கல்லை மறுபடி மேலே கொண்டுவர வேண்டுமென்றால், போன ஆற்றலை நாம்தான் கொடுக்க வேண்டும். கிணறு எவ்வளவு ஆழம் என்று சொல்லும் எண்தான் பிணைப்பாற்றல். இரும்பு மிக ஆழமான கிணற்றின் அடியில் கிடக்கிறது. கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டதால்தான் அதனிடம் எடுப்பதற்கு எதுவும் இல்லை. வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் இது உடனே புரியும். நம் பாடப்புத்தகங்கள் அதை மலையாக வரைகின்றன. பள்ளமாக வரைந்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, குறைந்த நிறை எங்கே போகிறது? இதற்கு மிக எளிய அணுக்கருவையே பார்க்கலாம். மெதுவாக நகரும் ஒரு நியூட்ரானை ஒரு ஹைட்ரஜன் அணுக்கரு பிடித்துக்கொண்டால் டியூட்டீரியம் உருவாகிறது. ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.007825 அணு நிறை அலகு, நியூட்ரானின் நிறை 1.008665. இரண்டையும் கூட்டினால் 2.016490. ஆனால் டியூட்டீரியம் அணுவின் நிறை 2.014102 மட்டுமே. 0.002388 அலகு குறைகிறது. ஓர் அணு நிறை அலகு என்பது 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமம் (இனி இதை எம்.இ.வி. என்று சுருக்கிக்கொள்கிறேன்). பெருக்கினால் 2.224 எம்.இ.வி. வருகிறது. இந்தப் பிணைப்பு நடக்கும்போது ஒரு காமாக் கதிர் வெளிவருகிறது. அதன் ஆற்றலை அளந்தால் அதே 2.22 எம்.இ.வி. இருக்கிறது. தராசுக் கணக்கும் கதிர்க் கணக்கும் ஒத்துப்போகின்றன. சூரியனில் பெரிய வெடிப்புகள் நிகழும்போது இதே ஆற்றலுள்ள காமாக் கதிர் அங்கிருந்து வருவதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

ஆக, நிறை மாயமாக மறையவில்லை. காமாக் கதிர் போன இடத்துக்கு அதுவும் போயிருக்கிறது. டியூட்டீரியத்தைத் திரும்பப் பிரிக்க வேண்டுமென்றால் குறைந்தது 2.22 எம்.இ.வி. உள்ள காமாக் கதிர் ஒன்று அதன்மேல் விழ வேண்டும். அப்போது போன நிறையும் திரும்பி வந்துவிடும்.

இதே கணக்கை இரும்பு-56க்குச் செய்துபார்ப்போம். அதில் 26 புரோட்டான், 30 நியூட்ரான்.

```
26 ஹைட்ரஜன் அணு   26 × 1.007825 = 26.203450
30 நியூட்ரான்      30 × 1.008665 = 30.259950
கூட்டுத்தொகை                      56.463400
இரும்பு-56 அணு                    55.934936
நிறைக் குறைபாடு                    0.528464
```

0.528464-ஐ 931.494-ஆல் பெருக்கினால் 492.3 எம்.இ.வி. அதை 56-ஆல் வகுத்தால் நியூக்ளியான் ஒன்றுக்கு, அதாவது புரோட்டானோ நியூட்ரானோ ஒன்றுக்கு, 8.790. மொத்த நிறையில் ஏறத்தாழ 1 சதவீதம், இந்த இரும்பு உருவாகி முடிவதற்குள் வெளியே போயிருக்கிறது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மேலே நான் புரோட்டானின் நிறையை எடுக்காமல் ஹைட்ரஜன் அணுவின் நிறையை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அட்டவணையில் கிடைக்கும் இரும்பின் நிறை, 26 எலக்ட்ரான்களையும் சேர்த்த அணுவின் நிறை. 26 ஹைட்ரஜன் அணுக்களிலும் 26 எலக்ட்ரான்கள் இருப்பதால் இரண்டு பக்கமும் கழிந்துவிடும். அதை மறந்து, வெறும் புரோட்டானின் 1.007276-ஐப் போட்டு, இரும்புக்கு மட்டும் அட்டவணையின் அணு நிறையைப் போட்டால், விடை நியூக்ளியானுக்கு 8.55 என்று வரும். வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் இந்த வரைபடத்தில் அது மிகப் பெரிது. உச்சியில் இருக்க வேண்டிய இரும்பு கால்சியம்-40க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் விடை 8.79-க்குப் பதில் 8.55 என்று வந்தால், எலக்ட்ரான்களைத்தான் தொலைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உச்சி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது? 20-இலோ 150-இலோ இல்லாமல், நிறை எண் 60-ஐ ஒட்டி ஏன் வருகிறது?

அணுக்கருவுக்குள் இரண்டு விசைகள் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. நியூக்ளியான்களை இழுத்துப் பிடிக்கும் அணுக்கரு விசை மிக வலிமையானது, ஆனால் அதன் கை மிகவும் குட்டை. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் அண்டை நியூக்ளியான்களை மட்டுமே அது பிடிக்கும். அடுத்த வரிசையில் இருப்பவை அதற்கு ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். புரோட்டான்களுக்கு இடையே உள்ள மின்விலக்கு விசை இதற்கு நேர்மாறு. வலிமை குறைவு, ஆனால் கை நீளம். அணுக்கருவின் ஒரு கோடியில் இருக்கும் புரோட்டான் மறுகோடியில் இருக்கும் புரோட்டானையும் தள்ளும்.

அணுக்கரு விசையின் குட்டைக் கைக்கு ஒரு விளைவு உண்டு. நடுவில் இருக்கும் நியூக்ளியானுக்குச் சுற்றிலும் அண்டைகள் நிரம்பியிருப்பதால், அணுக்கரு பெரிதானாலும் அதன் பிணைப்பு கூடாது. ஆனால் மேற்பரப்பில் இருக்கும் நியூக்ளியானுக்கு வெளிப்பக்கம் அண்டை இல்லை. அதனால் அதன் பிணைப்பு குறைவு. சின்ன அணுக்கருவில் பெரும்பாலான நியூக்ளியான்கள் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. அணுக்கரு பெரிதாகப் பெரிதாக மேற்பரப்பில் இருப்பவற்றின் பங்கு குறைகிறது, சராசரிப் பிணைப்பு ஏறுகிறது. வரைபடத்தின் இடதுபக்க ஏற்றம் பெரும்பாலும் இதுதான்.

மின்விலக்கம் வேறு மாதிரி வளர்கிறது. ஒவ்வொரு புரோட்டானும் மற்ற எல்லாப் புரோட்டான்களையும் தள்ளுவதால், புரோட்டான் கூடக் கூட ஒவ்வொரு நியூக்ளியான் தலையிலும் விழும் மின்விலக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும். வலதுபக்க இறக்கத்துக்கு முதல் காரணம் இது.

அணுக்கருவை ஒரு திரவத் துளியாக எண்ணி இதை எண்களில் எழுதலாம். 1935-இல் ஜெர்மன் இயற்பியலாளர் வைட்ஸேக்கர் கொடுத்த சூத்திரம் அந்த வழியில் வந்தது. சுற்றிலும் அண்டை நிரம்பிய நியூக்ளியானுக்குக் கிடைக்கக்கூடிய பிணைப்பு சுமார் 15.75 எம்.இ.வி. இதிலிருந்து கழிவுகள் தொடங்குகின்றன. இரும்பு-56க்கு மேற்பரப்புக் கழிவு 4.65, மின்விலக்கக் கழிவு 2.16. புரோட்டானும் நியூட்ரானும் சம எண்ணிக்கையில் இல்லாததற்கு ஒரு சிறிய கழிவு, 0.12. மீதி ஏறத்தாழ 8.8. அளவிட்ட 8.790-க்கு மிக அருகில் வந்துவிட்டோம். (இந்தக் கெழுக்களின் மதிப்பு புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். நான் எடுத்தவை மேற்பரப்புக்கு 17.8, மின்விலக்கத்துக்கு 0.711.)

யுரேனியம்-238க்கு இதே கணக்கைப் போட்டால் மேற்பரப்புக் கழிவு 2.87 ஆக இறங்கிவிடுகிறது. ஆனால் மின்விலக்கக் கழிவு 4.04 ஆக ஏறியிருக்கிறது. போதாததற்கு, 92 புரோட்டான்களுக்கு இடையே தள்ளுமுள்ளைத் தணிக்க 146 நியூட்ரான்கள் தேவைப்படுவதால், சமமின்மைக் கழிவும் 1.2 ஆகிவிடுகிறது. மீதி 7.6.

உச்சியைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு சிறிய யோசனை போதும். நியூக்ளியான் ஒன்றுக்கான மேற்பரப்புக் கழிவு, நிறை எண்ணின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது நிறை எண்ணை 1 சதவீதம் கூட்டினால் அந்தக் கழிவு மூன்றில் ஒரு சதவீதம் குறையும். மின்விலக்கக் கழிவோ நிறை எண்ணின் 2/3 அடுக்கில் வளர்கிறது; அதே 1 சதவீதத்துக்கு அது மூன்றில் இரண்டு சதவீதம் கூடும். ஏறும் வேகம் இறங்கும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. எனவே லாபமும் நட்டமும் சரிக்குச் சரியாக வேண்டுமென்றால், மேற்பரப்புக் கழிவு மின்விலக்கக் கழிவைப் போல இரண்டு மடங்காக இருக்க வேண்டும். அந்த இடம்தான் உச்சி.

இரும்பு-56இல் 4.65-ஐ 2.16-ஆல் வகுத்தால் 2.15. கிட்டத்தட்ட இரண்டு, ஆனால் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. நிக்கல்-62க்குக் கணக்கிட்டால் 4.50, 2.19, விகிதம் 2.05. இன்னும் நெருக்கம். முதல்முறை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

இதையே நேராக நிறை எண்ணாக மாற்றலாம். f என்பது புரோட்டான்களின் பங்கு:

```
A = 17.8 / (2 × 0.711 × f²)
```

பாதிக்குப் பாதி புரோட்டான் என்று வைத்தால் A = 50. நிஜத்தில் இந்தப் பகுதியின் நிலையான அணுக்கருக்களில் புரோட்டான் 46 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும்; f = 0.46 என்று போட்டால் A = 59. உச்சியின் இடத்தை நிர்ணயிப்பது 17.8, 0.711 என்ற இரண்டு எண்களின் விகிதம்தான் என்பதைக் கவனியுங்கள். மின்விசை இப்போது இருப்பதைப் போலப் பாதி வலிமையோடு இருந்திருந்தால், உச்சி இரட்டிப்பு நிறை எண்ணுக்கு நகர்ந்திருக்கும். இரும்பு என்ற தனிமத்துக்கென்று ஒரு மந்திரமும் இல்லை. இரண்டு விசைகளின் வலிமையும் எட்டும் தூரமும் இப்படி அமைந்ததால் உச்சி அதன் பக்கத்தில் விழுந்திருக்கிறது.

திரவத் துளி மாதிரியால் இதற்கு மேல் போக முடியாது. உச்சி ஒரு கூர்மையான முனை இல்லை, தட்டையான மேடு. குரோமியம்-52 8.776, இரும்பு-56 8.790, நிக்கல்-60 8.781, துத்தநாகம்-64 8.736. இவ்வளவு நெருக்கமான போட்டியில் யார் முதலிடம் என்பதை முடிவுசெய்வது நியூக்ளியான்கள் ஜோடி சேர்வதும் அடுக்கடுக்கான ஓடுகளில் நிரம்புவதும் போன்ற நுட்பமான விளைவுகள். துளி மாதிரி "சுமார் 60" என்று சொல்லும். 56-ஆ 62-ஆ என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. இலேசான பக்கத்தில் அது இன்னும் தடுமாறும். ஹீலியம்-4 7.07-இல் நிற்க, அதைவிடப் பெரிய லித்தியம்-6 5.33-க்கு இறங்கிவிடுவதைத் துளியை வைத்து விளக்கவே முடியாது.

அப்புறம், பல புத்தகங்கள் சொல்லாமல் விடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நியூக்ளியான் ஒன்றுக்கான பிணைப்பாற்றல் என்று கறாராகக் கேட்டால் முதலிடம் இரும்பு-56க்கு இல்லை. நிக்கல்-62க்கு 8.7945, இரும்பு-58க்கு 8.792, அதற்கு அடுத்துதான் இரும்பு-56 வருகிறது. இரும்பு-56 முதலிடம் பெறுவது வேறொரு பட்டியலில்: நியூக்ளியான் ஒன்றுக்கான நிறை மிகக் குறைவாக இருப்பது அதற்குத்தான். அணு நிறையை 56-ஆல் வகுத்தால் 0.998838, நிக்கல்-62க்கு 0.998844. இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்று தோன்றும். வேறுபடுவதற்குக் காரணம், ஹைட்ரஜன் அணுவைவிட நியூட்ரான் கொஞ்சம் கனமானது. பிணைப்பாற்றலைக் கணக்கிடும்போது ஒவ்வோர் அணுக்கருவையும் அதன் சொந்தப் பாகங்களோடு ஒப்பிடுகிறோம். நிக்கல்-62இல் நியூட்ரான் பங்கு கூடுதல் என்பதால் அது தொடங்கும் இடமே கொஞ்சம் உயரம். அங்கிருந்து அது அதிக ஆழம் விழுந்தாலும், போய்ச் சேர்ந்த இடம் இரும்பைவிட ஒரு நூலிழை மேலேதான். புரோட்டான் நியூட்ரானாகவும் நியூட்ரான் புரோட்டானாகவும் தாராளமாக மாற முடியும் என்றால், கடைசியில் எல்லாம் போய்த் தங்கும் அடிமட்டம் இரும்பு-56. ஆகவே "இரும்பு உச்சியில்" என்ற வாக்கியம் முழுத் தவறில்லை. எந்த அளவையை வைத்து உச்சி என்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரும்பிலிருந்து ஆற்றல் எடுக்க முடியுமா என்பதை எண்ணால் சோதிப்பது சுலபம். இரும்பு-56ஐ நடுவில் பிளந்து இரண்டு அலுமினியம்-28 ஆக்கினால், ஒவ்வொன்றின் நிறை 27.981910; இரண்டும் சேர்ந்து 55.963820. இரும்பின் 55.934936-ஐவிட இது 0.028884 கூடுதல். அதாவது 26.9 எம்.இ.வி. நாம் கொடுத்தால்தான் இது நடக்கும். இரண்டு இரும்பைச் சேர்த்துப் பெரிய அணுக்கரு ஆக்கினாலும் மேட்டிலிருந்து வலதுபக்கம் இறங்குகிறோம், அங்கேயும் நட்டம்தான். யுரேனியம்-235 பிளந்தால் நிலைமை வேறு: நியூக்ளியானுக்கு 7.6-இல் இருந்தவை 8.5 உள்ள துண்டுகளாகின்றன. அந்த 0.9-ஐ 235-ஆல் பெருக்கினால் 200 எம்.இ.வி.யைச் சற்றே தாண்டும்.

இனி ஒரு கேள்வி மிச்சம். நிக்கல்-62தான் அதிகம் பிணைந்தது என்றால், விண்மீன்கள் ஏன் இரும்பு-56ஐ இவ்வளவு அதிகமாக உருவாக்குகின்றன? இதற்கு விடை வரைபடத்தில் இல்லை, போகும் வழியில் இருக்கிறது.

பெரிய விண்மீனின் மையத்தில் கடைசியாக எரிவது சிலிக்கான். சுமார் 300 கோடி கெல்வின் வெப்பத்தில் காமாக் கதிர்கள் சில அணுக்கருக்களை உடைத்து ஹீலியம் கருக்களை உதிர்க்கின்றன. மற்ற அணுக்கருக்கள் அவற்றைப் பிடித்து வளர்கின்றன. சிலிக்கான்-28இல் 14 புரோட்டான், 14 நியூட்ரான். ஹீலியத்திலும் இரண்டும் சமம். எனவே இந்தப் படிக்கட்டில் ஏறும் எல்லாவற்றிலும் புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். நிக்கல்-62க்கு 28 புரோட்டானோடு 34 நியூட்ரான் வேண்டும். புரோட்டானை நியூட்ரானாக மாற்றுவது வலிவற்ற விசையின் வேலை, அது மிக மெதுவானது. சிலிக்கான் எரிந்து முடிவதோ ஒரு சில நாட்களில். அதற்குள் எட்டக்கூடிய மிக ஆழமான இடம் 28 புரோட்டானும் 28 நியூட்ரானும் கொண்ட நிக்கல்-56, நியூக்ளியானுக்கு 8.643. சமப் பங்கு கொண்ட அணுக்கருக்களில் அதுதான் மிக உறுதியானது. 28 என்பது ஓடு நிரம்பும் மாய எண் என்பதும் அதற்குக் கைகொடுக்கிறது.

விண்மீன் வெடிக்கும்போது சிலிக்கான் அடுக்கு நொடிகளில் சூடாகி மேலும் நிக்கல்-56 உருவாகிறது. அது நிலையானதல்ல. 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகிறது, அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பு-56 ஆகிறது. நம்மிடம் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி நிக்கலாகப் பிறந்து இப்படித்தான் இரும்பானது. இதற்கும் நிறைக் குறைபாட்டுக் கணக்கு உண்டு. நிக்கல்-56 அணுவின் நிறை 55.942128, அதிலிருந்து இரும்பின் 55.934936-ஐக் கழித்தால் 0.007192, அதாவது 6.7 எம்.இ.வி. அதில் ஒரு பகுதியை நியூட்ரினோக்கள் கொண்டுபோய்விடுகின்றன, மீதி வெடித்துச் சிதறிய வாயுவைச் சூடாக்குகிறது.

1987 பிப்ரவரியில், நம் பால்வெளிக்கு அருகே உள்ள பெரிய மெகல்லானிய மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. அந்த வெளிச்சம் உச்சத்தைத் தொட்ட பிறகு பல மாதங்களுக்கு, ஏறத்தாழ 77 நாளுக்கு ஒருமுறை பாதியாகும் வேகத்தில் மங்கிக்கொண்டே போனது. கோபால்ட்-56 சிதையும்போது வரும் 0.847 எம்.இ.வி. காமாக் கதிரையும் செயற்கைக்கோள் கருவிகள் அந்தத் திசையிலிருந்து பதிவு செய்தன. வெளிச்சத்தின் அளவை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அந்த வெடிப்பில் சூரிய நிறையின் 0.07 மடங்கு நிக்கல்-56 உருவாகியிருந்தது தெரிந்தது. அந்த மாதங்களில் தொலைநோக்கிகளில் விழுந்த ஒளி, கோபால்ட் இரும்பாகும்போது குறைந்த நிறைதான்.